சமூக ஊடகக் கட்டுரை: எதிர்வாதத்தை எங்கே வைப்பது?

சமூக ஊடகம் சமூக உறவுகளை வலுப்படுத்துகிறதா, பலவீனமாக்குகிறதா? எதிர்வாதத்தோடு கட்டுரையை எப்படித் திட்டமிடுவது?

முதலில் 'உறவு' என்பதை இரண்டாகப் பிரியுங்கள்: நெருக்கமானவை, மேலோட்டமானவை. இதைச் செய்யாத கட்டுரை பாதியில் குழம்பிவிடும். உங்கள் நிலைப்பாடு இப்படி இருக்கலாம்: சமூக ஊடகம் மேலோட்டமான உறவுகளைப் பெருக்குகிறது, நெருக்கமானவற்றை அது தானாக வளர்ப்பதில்லை.

முதல் பத்தியில் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டரைக் கொண்டுவாருங்கள். வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட அறிமுகமானவர்கள் வழியாகவே அதிகம் வருகிறது என்று 1973-இல் அவர் காட்டினார். அப்படிப்பட்ட அறிமுகங்கள் அறுந்துபோகாமல் காப்பது சமூக ஊடகம்தான்.

அப்புறம் எதிர்வாதம். அதை வலுவாகவே சொல்லுங்கள்: நள்ளிரவில் மருத்துவமனைக்குத் துணையாக வர ஆள் வேண்டும், 500 தொடர்புகளில் எத்தனை பேர் வருவார்கள்? திரையில் போகும் நேரம் பக்கத்து வீட்டாரிடமிருந்து பறித்ததுதானே?

பதிலில் முதல் பாதியை ஒப்புக்கொள்ளுங்கள். இரண்டாவதை மட்டும் மறுக்கலாம்: ஒரே தெருக்காரர்களின் சமூக ஊடகக் குழு நேரில் சந்திக்க வைக்கிறது, முடிவில்லாமல் திரையை உருட்டிப் பார்ப்பது அப்படிச் செய்வதில்லை.