தொழில்நுட்ப அறிக்கைகளின் நடைவிதிகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை கொதிகலன் பகுதியிலும் நீரேற்று நிலையத்திலும் அறிக்கை எழுதுவோரிடமிருந்து வந்தவை.

கேள்வி: எங்கள் அழுத்தமானிகளில் சில kg/cm² என்றும் சில bar என்றும் காட்டுகின்றன. அறிக்கையில் எல்லாவற்றையும் bar ஆக மாற்றிவிட வேண்டும் என்று விதி வகுக்கலாமா?

வகுக்கலாம், ஆனால் அளவீட்டு அட்டவணையில் மானியில் படித்த எண்ணையே அதன் அலகோடு பதிந்து, பகுப்பாய்வுப் பகுதியில் மட்டும் bar பயன்படுத்தச் சொல்லுங்கள். மாற்றும்போது பிழை நேர்ந்தால் சரிபார்க்க மூல எண் கையில் இருக்கும். 1 kg/cm² என்பது 0.980665 bar. அரை அலகுக்கு ஒரு கோடு உள்ள மானியில் 10.5 என்று படித்தவர், கணிப்பான் தந்ததை அப்படியே 10.29698 bar என்று எழுதினால், அந்த மானிக்கு இல்லாத நுட்பத்தை அவரே ஏற்றிச் சொல்கிறார். 10.3 bar போதும். இடைக்கணக்குகளில் எல்லா இலக்கங்களையும் வைத்துக்கொண்டு, இறுதி விடையில் மட்டும் முழுமையாக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய குழப்பம் வேறொன்று. அந்த அழுத்தம் வளிமண்டலத்துக்கு மேற்பட்டதா, வெற்றிடத்திலிருந்து அளந்ததா என்பதைப் பலரும் எழுதுவதில்லை. மானி அழுத்தம் 10 bar என்றால் தெவிட்டிய நீராவியின் வெப்பநிலை ஏறத்தாழ 184 °C. தனி அழுத்தம் 10 bar என்றால் 180 °C. முதலாவதை இரண்டாவதாக நினைத்து நீராவி அட்டவணையைப் பார்ப்பவர், நன்றாக இயங்கும் வெப்பநிலைமானி 4 டிகிரி கூடுதலாகக் காட்டுவதாகக் குறிப்பெழுதிவிடுவார். பழைய அறிக்கையில் ஐயம் எழுந்தால், கொதிகலன் குளிர்ந்து திறந்திருந்த நாளின் பதிவைப் பாருங்கள்: 0 என்றிருந்தால் மானி அழுத்தம், 1-ஐ ஒட்டியிருந்தால் தனி அழுத்தம். இந்த விளக்கத்தை barg என்று அலகின் வாலில் ஒட்டுவதைப் பன்னாட்டு அலகு முறை ஏற்பதில்லை. “மானி அழுத்தம் 10 bar” என்று அளவின் பெயரிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

கேள்வி: 1,25,000 என்று எழுதுவதா, 125 000 என்று எழுதுவதா?

பணத்துக்கு லட்சக் கணக்கில் காற்புள்ளி இருக்கட்டும். கணக்குப் பிரிவினர் அப்படித்தான் படிப்பார்கள். அளவீடுகளுக்கு, தசமப் புள்ளியிலிருந்து மும்மூன்று இலக்கமாக இடைவெளி விட்டுப் பிரிப்பதே சரி. எடைகள், அளவைகளின் பொது மாநாடு 2003-இல் இலக்கக் குழுக்களுக்கிடையே காற்புள்ளியோ புள்ளியோ வரக்கூடாது என்பதை மீண்டும் உறுதிசெய்தது. ஜெர்மானிய உற்பத்தியாளரின் தாளில் 1,250 m³ என்றிருந்தால் அது ஒன்றேகால் கன மீட்டர்; நம்மவர் அதை ஆயிரத்து இருநூற்றைம்பது என்று படிப்பார்.

எண்ணும் அலகும் வரிமுனையில் பிரிந்துவிடாதிருக்க, Word-இல் Ctrl+Shift+Space அழுத்தி இடைவெளி விடுங்கள். விரிதாளில் மட்டும் இடைவெளியைக் கையால் தட்டாதீர்கள். அந்தக் கட்டம் எழுத்தாகிவிடும். SUM அதைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் கூட்டும். அங்கே எண்ணை வெறுமனே இட்டு, தோற்றத்தை வடிவமைப்பில் மாற்றுவதே நல்லது.

கேள்வி: தலைப்புகளுக்கு எத்தனை நிலைகள் வரை எண்ணிடலாம்?

மூன்று, 4.2.1-க்கு மேல் போனால் அந்தப் பகுதியைப் பிரித்தெழுத வேண்டும் என்று பொருள். எண்களைக் கையால் தட்டாமல் தலைப்புப் பாணியிலிருந்து வரவையுங்கள். அனுப்பும் முன் Ctrl+A, F9 அழுத்திவிட்டு “Error!” என்று தேடினால், நீக்கிய தலைப்பைச் சுட்டும் குறிப்புகள் அகப்படும்.

கேள்வி: பம்பு, நீரேற்றி, மோட்டார் ஆகிய மூன்றும் எங்கள் அறிக்கைகளில் மாறிமாறி வருகின்றன. தூய தமிழ்ச் சொல்லையே கட்டாயமாக்கலாமா?

எந்தச் சொல் என்பதைவிட, ஒரு பொருளுக்கு ஒரே சொல் என்பதே முக்கியம். ஊர்வழக்கில் “மோட்டார் போடு” என்றால் முழு அமைப்பையும் குறிக்கும்; அறிக்கையில் அது ஆகாது. “மோட்டார் பேரிங் மாற்ற வேண்டும்” என்று ஒருவர் எழுத, கிடங்கிலிருந்து மின்மோட்டாருக்குரிய பேரிங் வந்து, பழுதோ பம்பின் பேரிங்கில் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். அரைநாள் வீண். அதன்பின் எங்கள் சொற்பட்டியலில் மூன்று வரிகள் சேர்த்தோம்: நீரைத் தள்ளுவது “பம்பு”, அதைச் சுழற்றுவது “மின்மோட்டார்”, இரண்டும் சேர்ந்தது “பம்புசெட்”. தனியே “மோட்டார்” என்பதை விலக்கப்பட்ட சொல்லாக அதே பட்டியலில் குறித்தோம். விலக்கியதையும் எழுதிவைக்காவிட்டால் ஆறு மாதத்தில் அது திரும்பி வந்துவிடும். நீரேற்றி நல்ல சொல்தான், ஆனால் எங்கள் பகுதியில் எண்ணெய்யையும் பம்பு தள்ளுகிறது.

பட்டியலில் வினைகளுக்கும் இடம் கொடுங்கள். தமிழில் “வேண்டும்” என்பது கட்டளையாகவும் விருப்பமாகவும் ஒலிக்கும். கட்டாயமானதற்கு மட்டுமே “வேண்டும்”, அறிவுரைக்குப் “பரிந்துரைக்கிறோம்”, விருப்பத்துக்கு விட்டதற்கு “-லாம்” என்று வரையறுத்துவிட்டால், பராமரிப்புக் குழு எதைத் தள்ளிப்போடலாம், எதைக் கூடாது என்பதைத் தொலைபேசியில் கேட்க நேராது.