முகத்தை மறைத்தும் தம்பிக்கு அடையாளம் தெரிந்தது எப்படி?

கேள்வி: அக்கா, நேற்று முன்தினம் சிராங்கூன் சாலையில் ஒரு லாரி மோட்டார்சைக்கிளை மோதியதை 50 விநாடி படம் எடுத்தேன். விழுந்தவரின் முகத்தை மங்கலாக்கி, ‘மனத்திடம் இல்லாதவர்கள் பார்க்க வேண்டாம்’ என்று எழுதித்தான் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அவருடைய தம்பி பார்த்துவிட்டாராம். முகம் தெரியாமல் எப்படிக் கண்டுபிடித்தார்? நான் செய்தது தவறா?
— ஒரு வாசகர், யீஷூன்

பதில்: தம்பி, அவருடைய ஹெல்மெட்டையும் பையையும் மறைத்தீர்களா? செய்திப் பிரிவில் நான் படத்தொகுப்பு பார்த்த காலத்தில் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். முகத்தையும் வண்டி எண்ணையும் மறைத்துவிட்டு, ரோட்டோரம் உருண்டு கிடந்த தூக்குவாளியை அப்படியே விட்டுவிட்டேன். அதன் மூடி கழன்று போகாமல் இருக்க ஒரு சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. அதைக் கட்டிக் கொடுத்தவர் வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். முகம் தெரிந்தால்தான் அடையாளம் என்பது நமக்கு, அந்நியர்களுக்கு. வீட்டு மனிதர்களுக்குச் செருப்பு போதும், கம்பெனிச் சட்டை போதும், வலியில் முனகும் குரல் போதும். உங்கள் படத்தில் ஒலியை நிறுத்தினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பெரும்பாலும் எல்லாரும் மறப்பது அதைத்தான்.

எச்சரிக்கையும் நீங்கள் நினைத்தபடி வேலை செய்திருக்காது. வாட்ஸ்அப்பில் படத்தைத் திறக்கும் முன்பே அதன் முதல் காட்சி சின்னதாகத் தெரியும். இன்னொரு குழுவுக்கு அனுப்புகிறவர் உங்கள் வரியை எடுத்துவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பலாம். அதனால் எச்சரிக்கை படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். முதல் நான்கைந்து விநாடி கறுப்புத் திரை, அதில் ‘சாலை விபத்து, காயமடைந்தவர் தெரிகிறார்’ என்று எழுத்து. வெறும் ‘அதிர்ச்சிக் காட்சி’ என்று போட்டால் ஆர்வம்தான் கூடும். டெலிகிராமில் படத்தை மூடி அனுப்ப Hide with Spoiler இருக்கிறது. ஃபேஸ்புக், யூடியூப் போன்றவை சில காட்சிகளுக்குத் தாங்களே திரை போடும், வயது வரம்பு வைக்கும். உடல் சிதைந்த காட்சி என்றால் ஃபேஸ்புக் நீக்கியேவிடும்.

ஆனால் எச்சரிக்கைக்கு முன்னால் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அந்த 50 விநாடியில் யாருக்கு எது தேவை? முதல் 12 விநாடி லாரி திரும்புகிறது, அடுத்த மூன்றில் மோதல், மிச்சமெல்லாம் தரையில் கிடப்பவரும் ஓடி வருகிறவர்களும் என்று வைத்துக்கொள்வோம். குழுவில் இருப்பவர்களுக்கு வேண்டியது எந்தத் தடம் அடைபட்டிருக்கிறது என்பது மட்டும்தான். தூரத்திலிருந்து ஒரே ஒரு படம், ஆட்கள் தெரியாமல், போதும். காவல்துறைக்கோ 50 விநாடியும் வேண்டும், குறிப்பாக அந்த முதல் 12. ஆக, மங்கலாக்குவதைவிட வெட்டிவிடுவது நல்லது. மங்கல் வட்டம் ஆள் அசையும்போது அரை விநாடி விலகும், நிறுத்திப் பார்ப்பவருக்கு அது போதும்.

கூட எழுதுவதில் இடம், நேரம், உங்கள் கண் பார்த்தது மட்டும் இருக்கட்டும். ‘மோதலுக்கு முன் நடந்தது எனக்குத் தெரியாது’ என்பதையும் சேருங்கள். 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் நடந்த கலவரம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பேருந்து விபத்தையும் மீட்புப் பணியையும் கூட்டம் தவறாகப் புரிந்துகொண்டதும் கலவரத்துக்கு ஒரு காரணம் என்று விசாரணைக் குழு பிறகு சொன்னது. பேருந்தின் கேமராப் பதிவு விசாரணையில்தான் காட்டப்பட்டது. அதே போல லாரி எண்ணைப் போட்டு ‘இவனை விடாதீர்கள்’ என்று எழுதினால், துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டத்தில் நீங்களே மாட்டக்கூடும். ஒருவரைத் துன்புறுத்தும் நோக்கில் அவருடைய அடையாள விவரத்தை வெளியிடுவது 2020 முதல் குற்றம்.

தவறா என்று கேட்டீர்கள். ஆமாம், தவறுதான், ஆனால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்பது புரிகிறது. இன்றே Delete for everyone அழுத்துங்கள். அனுப்பி ஏறத்தாழ இரண்டரை நாள் வரைதான் அது வேலை செய்யும். முடியாவிட்டால் குழு நிர்வாகியிடம் நீக்கச் சொல்லிப் பாருங்கள். அடுத்தவர் வேறு குழுக்களுக்கு அனுப்பியது அங்கேயே இருக்கும். அதனால் யார் யார் அனுப்பினார்கள் என்று தனித்தனியாகக் கேட்டு, அவர்களையும் அழிக்கச் சொல்ல வேண்டும்.

உங்கள் போனில் இருக்கும் அசலை மட்டும் அழித்துவிடாதீர்கள், வெட்டவும் வேண்டாம். காவல்துறை இணையத்தளத்தில் i-Witness வழியாகத் தகவல் கொடுங்கள், படம் உங்களிடம் இருப்பதைச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேரம் போன்ற விவரமும் போய்விடும். அப்புறம் அந்தத் தம்பியிடம் குழுவில் இல்லாமல் நேரில் மன்னிப்புக் கேளுங்கள். அசல் படம் பத்திரமாக இருக்கிறது, காவல்துறையிடம் சொல்லியிருக்கிறேன் என்பதையும் சொல்லுங்கள். அண்ணனின் இழப்பீட்டுக் கோரிக்கைக்கு அந்த முதல் 12 விநாடி சாட்சியாகலாம்.