மகளின் எஸ்.ஐ.பி.யை நிறுத்தியவருக்கு

"எட்டு மாதத்துக்கு முன் ஒரு தனியார் நிதி நிறுவனப் பங்கை 500 ரூபாய் விலையில் 200 வாங்கினேன். 400க்கு இறங்கியபோது 250, 300க்கு வந்தபோது 400 என்று வாங்கி ஆவரேஜ் செய்தேன். மொத்தம் 3,20,000 போட்டிருக்கிறேன், ஆவரேஜ் 376. இப்போது விலை 240. இன்னும் ஒன்றரை லட்சத்துக்கு வாங்கினால் ஆவரேஜ் 318 ஆகிவிடும், 80 ரூபாய் ஏறினாலே போதும். பத்தாவது படிக்கும் மகளுக்காக நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதம் 10,000 கட்டிவந்த எஸ்.ஐ.பி.யை மூன்று மாதமாக நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்த ஃபண்டிலிருந்தே ஒன்றரை லட்சம் எடுக்கலாம். எஸ்.ஐ.பி.யும் இறங்க இறங்க வாங்குவதுதானே? லாபம் வந்தபிறகு மனைவியிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன். வாங்கலாமா?"
— பெயர் வேண்டாம், ஈரோடு

வாங்காதீர்கள்.

ஆவரேஜ், 80 ரூபாய் என்றெல்லாம் விரிவாக எழுதிவிட்டு, மகளின் எஸ்.ஐ.பி.யை நிறுத்தியதைப் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதம். வீட்டில் திட்டமென்று இருந்தது அது ஒன்றுதான். அதை நிறுத்தி, திட்டமே இல்லாத ஒன்றுக்குத் தீனி போட்டிருக்கிறீர்கள். கூடவே, இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கிறீர்கள்.

இல்லை. எஸ்.ஐ.பி.யில் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் போகிற தொகை அதே 10,000தான். எவ்வளவு போடுவது என்பதை விலை இறங்குவதற்கு முன்பே முடிவு செய்துவிட்டீர்கள். பங்கில் நீங்கள் போட்டது முதலில் ஒரு லட்சம், பிறகு ஒரு லட்சம், பிறகு 1,20,000. இப்போது கேட்பது 1,50,000. விலை கீழே போகப் போகத் தொகை மேலே போகிறது. முதல் நாள் யாராவது "இந்த ஒரு பங்கில் 4,70,000 போடுவீர்களா?" என்று கேட்டிருந்தால் எழுந்து போயிருப்பீர்கள்.

80 ரூபாய் ஏறினால் போதும் என்று கணக்குப் போட்டீர்களே, 80 ரூபாய் இறங்கினால் என்ன ஆகும் என்று போட்டீர்களா? முதலில் வாங்கிய 200 பங்கு மட்டும் இருந்திருந்தால் அந்த இறக்கத்தில் 16,000 போகும். இன்றுள்ள 850 பங்குக்கு 68,000 போகும். நீங்கள் ஆசைப்படும் 1,475 பங்கு கையில் இருந்தால் 1,18,000 போகும். அதுவரையிலான மொத்த நஷ்டம் 2,34,000 ஆகியிருக்கும். ஆவரேஜ் குறையும்போது ஆபத்தும் குறைவதாக ஆப் திரையைப் பார்த்தால் தோன்றும். உண்மையில் ஒவ்வொரு ரூபாய் இறக்கத்துக்கும் நீங்கள் கொடுக்கும் விலை ஏழு மடங்குக்கு மேல் கூடுகிறது.

அடுத்தது, எதை வாங்குகிறீர்கள் என்பது. யெஸ் பேங்கை நினைத்துப் பாருங்கள். 2018 ஆகஸ்டில் அந்தப் பங்கு 400 ரூபாயை ஒட்டி இருந்தது. 400, 200, 100, 50 என்று பாதியாகும்போதெல்லாம் ஒருவர் 50,000 போட்டிருந்தால், இரண்டு லட்சத்துக்கு 1,875 பங்கு, ஆவரேஜ் 107 சேர்ந்திருக்கும். திரையில் பார்க்க அழகான எண்தான். 2020 மார்ச்சில் ரிசர்வ் வங்கி கேட்டுக்கொண்டதன்பேரில் மத்திய அரசு அந்த வங்கிக்குத் தடைக்காலம் விதித்தது. மறுசீரமைப்புத் திட்டத்தில் ஸ்டேட் வங்கி முதலானவை ஒரு பங்கை 10 ரூபாய்க்கு எடுத்தன. நூறு பங்குக்கு மேல் வைத்திருந்த பழைய பங்குதாரர்களின் பங்குகளில் முக்கால்வாசி மூன்று ஆண்டுக்கு முடக்கப்பட்டது. விற்க நினைத்தாலும் விற்க முடியாது. 20 ரூபாய் விலையில் அந்த 1,875 பங்கின் மதிப்பு 37,500. முதல் 50,000 மட்டும் போட்டுவிட்டுச் சும்மா இருந்தவருக்கு நஷ்டம் 47,500. ஆவரேஜ் செய்தவருக்கு 1,62,500.

அதே மார்ச்சில் நிஃப்டி 50 குறியீட்டிலிருந்து யெஸ் பேங்க் நீக்கப்பட்டு, வேறொரு நிறுவனம் சேர்க்கப்பட்டது. உங்களைப் போல இண்டெக்ஸ் ஃபண்டில் கட்டிவந்தவர்கள் எதையும் முடிவு செய்யவே வேண்டியிருக்கவில்லை. நிஃப்டியும் அந்த மாதம் 7,610 வரை விழுந்தது, ஆனால் நவம்பருக்குள் பழைய உச்சத்தைத் தாண்டியது. குறியீட்டில் கெட்டது வெளியே போகும், வேறொன்று உள்ளே வரும். ஒற்றைப் பங்கில் உள்ளே வர எதுவும் இல்லை.

உங்கள் பங்கு நிதி நிறுவனம் என்பதால் இன்னும் கவனம் வேண்டும். கடன் வாங்கிக் கடன் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். நம்பிக்கை போனால் தரமதிப்பீடு குறையும், வட்டி கூடும், புதுக் கடன் கிடைக்காது. விலை வீழ்ச்சியே தொழிலைக் கெடுக்கத் தொடங்கும். வீட்டுக்கடன் நிறுவனமான டி.எச்.எஃப்.எல்.லின் பங்குதாரர்களுக்கு 2021இல் கடைசியில் கிடைத்தது பூஜ்யம்.

விலை இறங்கும்போது வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. வாங்கும் முன்பே "இந்தப் பங்குக்கு மொத்தம் ஒரு லட்சம், மூன்று தவணை, வாராக்கடன் கூடினால் அடுத்த தவணை கிடையாது" என்று எழுதி வைத்து வாங்குபவர்கள் உண்டு. அது திட்டம். நீங்கள் செய்தது கோபம்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பாதியை, அதாவது 425 பங்கை விற்றுவிடுங்கள். 1,02,000 வரும். வருமான வரிக்கு ஆவரேஜ் விலை செல்லாது. டிமேட் கணக்கில் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகக் கொள்வார்கள். எனவே 500க்கு வாங்கிய 200, 400க்கு வாங்கியதில் 225 என்று வெளியே போகும். கணக்கில் வரும் குறுகிய கால நஷ்டம் 88,000. வருமான வரிப் படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால், அதை எட்டு ஆண்டு வரை எடுத்துச்சென்று மற்ற மூலதன லாபத்தில் கழிக்கலாம். இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள்: மீதமுள்ள 425 பங்கின் அடக்கம் 1,30,000, அதாவது ஆவரேஜ் 306. ஒன்றரை லட்சம் போட்டு 318க்குக் கொண்டுவர நினைத்தீர்கள். ஒரு பைசா போடாமல், விற்றே அதற்குக் கீழே வந்துவிட்டது. அந்த எண்ணுக்கு இவ்வளவுதான் பொருள்.

மீதியை வைத்திருப்பதா என்பதைக் காலாண்டு முடிவுகளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மொத்த வாராக்கடன் விகிதம் தொடர்ந்து கூடுகிறதா, நிறுவனர்கள் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா, தணிக்கையாளர் இடையில் விலகினாரா என்று பாருங்கள். பங்குதாரர் பட்டியலும் அடகு விவரமும் பங்குச்சந்தை இணையதளத்திலேயே இருக்கும். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் மீதியையும் விற்றுவிடுங்கள்.

மனைவி விஷயம். லாபம் வந்தபின் சொல்வதற்குப் பெயர் பகிர்வு இல்லை, பெருமை. மகளின் கல்லூரிப் பணம் அவருடையதும்தான். அதை அவருக்குத் தெரியாமல் தொட உங்களுக்கு உரிமை இல்லை. சம்பாதிப்பது நீங்கள் ஒருவரே என்றாலும் இல்லை. இன்று இரவே டிமேட் கணக்கைத் திறந்து காட்டுங்கள். கோபப்படுவார். படட்டும்.

எஸ்.ஐ.பி.யை இந்த மாதமே தொடங்குங்கள். தற்காலிகமாக நிறுத்தியிருந்தால் குறித்த மாதம் தானாகத் தொடரும். ரத்தாகியிருந்தால் புதிதாகப் பதிய வேண்டும். எதுவென்று ஃபண்ட் நிறுவனத்தின் கணக்கில் பாருங்கள். ஒன்று மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். கல்லூரிக்கு இன்னும் மூன்றே ஆண்டுகள். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் மீண்டும் அங்கே வர 2010 இறுதி வரை ஆனது. எஸ்.ஐ.பி.க்கும் இந்த ஆபத்து உண்டு. அதனால் பங்கை விற்று வரும் 1,02,000ஐ முதல் ஆண்டுக் கட்டணத்துக்கென வங்கி வைப்பில் போடுங்கள். கணக்கு உங்கள் மனைவி பெயரில் இருக்கட்டும்.