கடனுக்குச் சரக்கு கொடுக்குமுன் ஆடிட்டர் ரிப்போர்ட்டில் எங்கே பார்ப்பது?

அன்புள்ள ஐயா,

வியாசர்பாடியில் சின்ன ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறேன். எண்ணூரில் சைட் எடுத்திருக்கும் ஒரு வெளிமாநில லிஸ்டெட் கம்பெனி பைப் சப்போர்ட் செய்து தரச் சொல்கிறது. 90 நாள் கடன் கேட்கிறார்கள். அவர்களுடைய ஆண்டறிக்கையை இறக்கிப் பார்த்தேன். ஆடிட்டர் ஒப்பீனியன் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கீழே கீ ஆடிட் மேட்டர் என்று தலைப்புப் போட்டு, வரவேண்டிய பாக்கியைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். இது குறை சொல்வதா? நான் பயப்பட வேண்டுமா? போன வருஷ அறிக்கையையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

எஸ்., தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

குறை இல்லை. ஆடிட்டருக்குக் கணக்கில் உடன்பாடு இல்லையென்றால் அதைக் கீ ஆடிட் மேட்டரில் எழுத அவருக்கு அனுமதியே கிடையாது. ஒப்பீனியனையே திருத்தி, அதற்கான காரணத்தை ஒப்பீனியனுக்கான அடிப்படை என்ற பகுதியில் சொல்லியாக வேண்டும். கம்பெனி தொடர்ந்து நடக்குமா என்பதிலேயே பெரிய சந்தேகம் இருந்தால் அதற்கும் தனித் தலைப்பு உண்டு. நீங்கள் அனுப்பிய இரண்டு அறிக்கையிலும் இந்த இரண்டும் இல்லை. அந்த அளவுக்கு நிம்மதியாக இருக்கலாம்.

அப்புறம் அந்த அரைப் பக்கம் எதற்கு? ஆடிட் நடக்கும்போது கம்பெனி நிர்வாகக் குழுவிடம் ஆடிட்டர் பல விஷயங்களைப் பேசியிருப்பார். அவற்றில் எவை தன் கவனத்தை அதிகம் எடுத்துக்கொண்டன என்று பார்த்து, அந்த வருஷ ஆடிட்டுக்கு மிக முக்கியமானவற்றை இங்கே எழுதுகிறார். எஸ்.ஏ. 701 என்ற தணிக்கைத் தரம் சொல்வது இதைத்தான். நம் நாட்டில் 2018 ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கிய கணக்காண்டுகளிலிருந்து லிஸ்டெட் கம்பெனிகளுக்கு இது கட்டாயம். ஏன் அது முக்கியம், தான் என்ன செய்து பார்த்தேன், விவரம் கணக்கோடு இணைத்திருக்கும் விளக்கக் குறிப்புகளில் எந்த நோட்டில் இருக்கிறது என்று மூன்றையும் சொல்வார். கடைசியில் பாக்கி வருமா, வராதா என்று மட்டும் சொல்ல மாட்டார். கணக்கு முழுவதற்கும் ஒரே ஒப்பீனியன்தான், இந்த ஒரு விஷயத்துக்குத் தனித் தீர்ப்பு கிடையாது. அதனால் இதை எந்த நோட்டைப் புரட்ட வேண்டும் என்பதற்கான வழிகாட்டியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு வருஷத்து அரைப் பக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஏன் முக்கியம் என்ற பத்தி இரண்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. பெரும்பாலான கம்பெனிகளில் அப்படித்தான் இருக்கும், அதில் நேரம் செலவழிக்காதீர்கள். என்ன செய்து பார்த்தார் என்ற பகுதிதான் மாறியிருக்கிறது. போன வருஷம், பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது என்ற பட்டியலைச் சோதித்தார், மார்ச்சுக்குப் பிறகு வந்த வசூலைப் பார்த்தார். இந்த வருஷம் அதோடு ஒரு வரி கூடியிருக்கிறது: தகராறில் உள்ள தொகைகளுக்குக் கம்பெனி வாங்கிய வழக்கறிஞர் கருத்தைப் படித்துப் பார்த்தாராம். வக்கீல் வரை போனால்தான் அந்த வரி வரும்.

சரி, இனி அவர் காட்டும் நோட்டுக்குப் போவோம். பாக்கியை ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருஷம், ஒன்று முதல் இரண்டு, இரண்டு முதல் மூன்று, மூன்றுக்கு மேல் என்று பிரித்துக் காட்ட வேண்டும் என்று கம்பெனிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையை 2021-ல் திருத்தினார்கள். தகராறில் உள்ள பாக்கிக்குத் தனி வரிசை. நாள் கணக்கு பில் தேதியிலிருந்து இல்லை, பணம் தர வேண்டிய தேதியிலிருந்து தொடங்கும். ஆக, 90 நாள் கடனில் கொடுத்த சரக்குக்கு ஒரு வருஷப் பாக்கி என்று போட்டிருந்தால், பில் போட்டு ஒன்றேகால் வருஷம் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

போன மார்ச்சில் ஒரு வருஷத்துக்கு மேல் நின்ற பாக்கி 30 கோடி. அந்தப் பணம் வராமலே இருந்தால் இந்த மார்ச்சில் இரண்டு வருஷத்துக்கு மேல் என்ற கட்டங்களில்தான் உட்கார்ந்திருக்கும். அந்தக் கட்டங்களைக் கூட்டினால் 26 கோடி. அதாவது ஒரு வருஷம் முழுக்க, பழைய பாக்கி 4 கோடி மட்டுமே குறைந்திருக்கிறது. அதிலும் வசூலானது எவ்வளவு, தள்ளுபடி செய்தது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வராக்கடன் ஒதுக்கீட்டின் வரவு செலவை வேறொரு நோட்டில், கடன் அபாயம் என்ற தலைப்பின் கீழ் கொடுத்திருக்கிறார்கள். அங்கே தள்ளுபடி 3 கோடி. கையில் வந்த காசு 1 கோடிதான்.

இதற்கிடையில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட மொத்தப் பாக்கி 30-லிருந்து 48 கோடியாகிவிட்டது. ஒதுக்கீடு 8-லிருந்து 9 கோடிக்குத்தான் ஏறியிருக்கிறது. போன வருஷம் பழைய பாக்கியில் நூற்றுக்கு 27 ரூபாய் போல ஒதுக்கியவர்கள் இந்த வருஷம் 19 ரூபாய்கூட ஒதுக்கவில்லை. தகராறு வரிசை 3 கோடியிலிருந்து 14 கோடி. வழக்கறிஞர் வரி எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும். இதெல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பாக்கிதாரர் அரசு நிறுவனமாக இருந்தால், தாமதமானாலும் கடைசியில் வரும் என்று கம்பெனி வாதாடலாம், ஆடிட்டரும் அதை ஏற்கலாம். ஆனால் அந்தத் தாமதத்தை உங்கள் பட்டறை தாங்குமா என்பது ஆடிட்டர் பார்க்கும் கேள்வி இல்லை. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். சரக்கு கொடுப்பவருக்கு உண்மையில் அதிகம் உதவுவது ரிப்போர்ட்டோடு இணைத்திருக்கும் காரோ பட்டியல், அதாவது அரசு உத்தரவுப்படி ஆடிட்டர் பிரிவு பிரிவாகப் பதில் சொல்லியாக வேண்டிய பட்டியல். கேள்வி பதில் போல அலுப்பாக இருக்கும், ஆனால் பொதுப்பேச்சு குறைவு. அதில் இரண்டாவது பிரிவு, 5 கோடிக்கு மேல் நடைமுறைக் கடன் வரம்பு வாங்கிய கம்பெனி, பேங்குக்கு ஒவ்வொரு காலாண்டும் கொடுக்கும் கணக்கு தன் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று கேட்கிறது. உங்கள் கம்பெனிக்கு டிசம்பர் காலாண்டில் பேங்குக்குக் காட்டிய பாக்கி 232 கோடி, புத்தகத்தில் 214 கோடி என்று ஆடிட்டர் எழுதியிருக்கிறார். தற்காலிகக் கணக்கைக் கொடுத்ததால் வந்த வித்தியாசம் என்பது கம்பெனியின் விளக்கம். அப்படியும் நடக்கும். ஆனால் பாக்கியைக் காட்டித்தான் பேங்கில் பணம் எடுக்க முடியும் என்பதையும், வித்தியாசம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏழாவது பிரிவில், பி.எஃப். கட்டுவதில் சில மாதங்கள் தாமதம் என்று இருக்கிறது. என்னைக் கேட்டால், காசு நெருக்கடி முதலில் எட்டிப்பார்க்கும் இடம் இதுதான்.

இன்னும் ஒரு பக்கம், ஆடிட்டர் சுட்டிக்காட்டாதது: கம்பெனி கொடுக்கவேண்டிய பாக்கியின் நோட். அங்கே சிறு, குறு நிறுவனங்களுக்குத் தனி வரிசை இருக்கிறது. போன வருஷம் அதில் ஒரு வருஷம் தாண்டிய தொகை எதுவும் இல்லை, இந்த வருஷம் 2 கோடி. உங்களைப் போன்ற பட்டறைக்காரர்களின் பணம் அது.

90 நாளுக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்தில் ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் தவணை செல்லாது, தாண்டினால் கூட்டு வட்டி என்று 2006-ம் வருஷச் சட்டம் சொல்கிறது. பதிவு எண்ணைப் பர்ச்சேஸ் ஆர்டரில் போடச் சொல்லுங்கள், உங்கள் பில்லிலும் போடுங்கள். இரும்பு வாங்கும் காசை முன்பணமாகக் கேளுங்கள். முதல் லாட் பணம் வந்த பிறகே இரண்டாவது லாட் கிளம்பட்டும். செப்டம்பர் அரையாண்டுக் கணக்கு வந்ததும் மொத்தப் பாக்கியை மட்டும் ஒரு தடவை பாருங்கள். அதில் எத்தனை நாள் பாக்கி என்று பிரித்த பட்டியலோ கீ ஆடிட் மேட்டரோ இருக்காது. விற்பனை ஏறாமல் பாக்கி மட்டும் ஏறியிருந்தால், அடுத்த ஆர்டருக்கு முழுப் பணத்தையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அன்புடன்