வைட்டமின் டி பாக்கெட் அதிகமாகப் போனால் என்ன ஆகும்?

கேள்வி: மூட்டு வலிக்கு வாரம் ஒரு வைட்டமின் டி பவுடர் பாக்கெட் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீக்கிரம் குணமாகட்டும் என்று அம்மா தினமும் ஒன்று குடிக்கிறேன் என்கிறார். சத்துதானே, அதிகமானால் ஒன்றும் ஆகாது என்பது சரியா?

தினமும் வேண்டாம். இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டு, எத்தனை பாக்கெட் ஏற்கெனவே உள்ளே போயிருக்கிறது என்று எண்ணுங்கள். பாபநாசம் பக்கம் மெடிக்கல் ஷாப் வைத்திருக்கிறேன். இதே தவறு என் சித்தப்பாவுக்கு நடந்தது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தப் பாக்கெட்டில் 60,000 யூனிட் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று சொல்லப்படுவது 600 யூனிட். அதாவது ஒரு பாக்கெட் என்பது நூறு நாள் அளவு. குறைபாடு இருப்பவருக்கு வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று கொடுப்பது வழக்கம்தான், அதில் பிழையில்லை. பிழை வருவது வீட்டில். மற்ற மாத்திரையெல்லாம் தினமும் என்பதால் இதுவும் தினமும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பாலில் கலந்தால் இனிப்பாக வேறு இருக்கும்.

சித்தப்பாவுக்கு அப்போது வயது 64. சம்பா அறுவடைக்கு முன்பு முழங்கால் வலி என்று ஒரு டாக்டரிடம் போனார். எட்டு பாக்கெட்டும், கால்சியம் மாத்திரையும் கொடுத்தார்கள். சித்தப்பா தினமும் ஒன்று குடித்து எட்டே நாளில் முடித்துவிட்டார். அப்புறம் பக்கத்து வீட்டுப் பையனை என் கடைக்கு அனுப்பிப் பத்து வாங்கினார், பத்து நாள் கழித்து இன்னொரு பத்து. சித்தப்பாவுக்குத்தானே என்று சீட்டைக்கூடக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தேன். போதாததற்கு, ஊரில் ஊசி போடுகிற ஒருவரிடம் ‘எலும்புக்கு சத்து ஊசி’ இரண்டு முறை போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஊசி ஒன்றில் 6 லட்சம் யூனிட்.

பின்னால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 28 பாக்கெட், 16.8 லட்சம். இரண்டு ஊசி, 12 லட்சம். மொத்தம் 28.8 லட்சம் யூனிட். தினம் 600 என்று வைத்தால் பதின்மூன்று வருடத்துக்கு வரவேண்டியது ஒரு மாதத்தில் போயிருக்கிறது.

பி காம்ப்ளக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் மஞ்சளாகப் போகும், பார்த்திருப்பீர்கள். நீரில் கரைகிற அந்தச் சத்தில் மிஞ்சியது பெரும்பாலும் அப்படி வெளியேறிவிடும். ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைபவை. இவற்றுக்கு அந்த வழி கிடையாது. டி நம் கொழுப்பிலேயே போய்த் தங்கி, மெதுவாகத்தான் கசியும். வயலில் நாள் முழுக்க நின்று உழைப்பவருக்கு வெயிலால் டி அதிகமாகிவிடாதா என்று ஒருவர் கேட்டார். ஆகாது. ஓர் அளவுக்கு மேல் தோலில் உருவாவதை அதே வெயில் வேறு பொருளாக மாற்றிவிடும். பாக்கெட்டுக்கும் ஊசிக்கும் அப்படிக் கடிவாளம் எதுவும் இல்லை.

கெடுதல் செய்வது டி நேரடியாக அல்ல, கால்சியம். டி மிதமிஞ்சினால் குடல் கால்சியத்தை அள்ளி உள்ளே விடும், எலும்பிலிருந்தும் அது ரத்தத்துக்கு இறங்கும். எலும்பு பலப்பட எடுத்த மருந்து எலும்பையே கரைக்கிறது என்றால் நம்ப மாட்டார்கள், ஆனால் நடப்பது அதுதான். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் சிறுநீரகத்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க முடியாது. நிறைய சிறுநீர் போகும், உடம்பு வறளும், வறண்டால் கால்சியம் இன்னும் ஏறும். அந்தச் சுழலில் சிறுநீரகமே பழுதாகிறது.

சித்தப்பாவுக்கு முதலில் வந்தது மலச்சிக்கல். பிறகு சோறு பிடிக்கவில்லை, குமட்டல். தாகம் என்று சொம்பு சொம்பாகக் குடித்தார், ராத்திரி நாலைந்து தடவை எழுந்தார். சர்க்கரையாக இருக்கும் என்று பார்த்தோம், அது சரியாகவே இருந்தது. தை மாதம், வாசலில் நெல் காய்ந்துகொண்டிருக்கிறது. ஒருநாள் காலை திண்ணையில் உட்கார்ந்து, “மேட்டூர் திறந்துட்டானா, நாத்து விடணுமே” என்றார். சித்தி பயந்துபோய் எனக்கு போன் செய்தாள். அன்றே தஞ்சாவூருக்குக் கூட்டிப்போனோம்.

முதலில் பக்கவாதமோ என்று தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அதில் ஒன்றுமில்லை. என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று டூட்டி டாக்டர் கேட்டபோது சித்தி மஞ்சப்பையைக் கட்டிலில் கொட்டினாள். காலி பாக்கெட்டுகள் கொட்டின. அந்த டாக்டர் வேறு எதுவும் கேட்காமல் கால்சியம் பார்க்கச் சொன்னார். 14.1 வந்தது. 8.5 முதல் 10.5 வரை இருக்க வேண்டியது. சிறுநீரகப் பழுதைக் காட்டும் கிரியாட்டினினும் ஏறி 2.6. இரண்டு நாள் கழித்து வந்த வைட்டமின் டி ரிசல்ட்டில் ‘150-க்கு மேல்’ என்று மட்டும் இருந்தது, அதற்கு மேல் அந்த மெஷின் அளக்காதாம்.

சலைன் ஏற்றினார்கள். எலும்பிலிருந்து கால்சியம் இறங்குவதைத் தடுக்க ஓர் ஊசி, குடல் உறிஞ்சுவதைக் குறைக்க ஸ்டீராய்டு. கால்சியம் மாத்திரையை நிறுத்தி, பாலையும் தயிரையும் குறைக்கச் சொன்னார்கள். அவர் போட்டுக்கொண்டிருந்த பிரஷர் மாத்திரையையும் மாற்றினார்கள். சிறுநீரைக் கூட்டும் பிரஷர் மாத்திரைகளில் ஒரு வகை, கால்சியம் வெளியே போகாமல் பிடித்து வைக்கும். உங்கள் அம்மா பிரஷர் மாத்திரை எடுத்தால் அதையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐந்தாம் நாள் 11.2-க்கு இறங்கி, புத்தி தெளிந்தது, வீட்டுக்கு அனுப்பினார்கள். முடிந்தது என்று நினைத்தோம். இரண்டு வாரத்தில் மறுபடி 12.4. ஒரு பாக்கெட்கூடப் புதிதாகக் குடிக்கவில்லை, கொழுப்பில் தங்கியது கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. வாராவாரம் ரத்தம் பார்த்து, முழுதாகச் சரியாக மூன்று மாதத்துக்கு மேல் ஆனது. கிரியாட்டினின் மட்டும் 1.4-க்குக் கீழே வரவே இல்லை. முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. அது தேய்மானத்தால் வந்த வலி, டி குறைபாட்டால் அல்ல.

உங்கள் அம்மா நாலைந்து பாக்கெட்தான் குடித்திருந்தால் பதற வேண்டியதில்லை. நிறுத்திவிட்டு, எழுதிக் கொடுத்த டாக்டரிடம் எண்ணிக்கையைச் சொல்லுங்கள், இனி எப்போது என்று அவர் சொல்வார். மாதக்கணக்கில் தினமும் போயிருந்தால், அல்லது ஊசியும் போட்டிருந்தால், தொந்தரவு தெரியும்வரை காத்திருக்காமல் ரத்தத்தில் கால்சியமும் கிரியாட்டினினும் பாருங்கள். வைட்டமின் டி டெஸ்ட்டை விட இவை மலிவு, ரிசல்ட்டும் அன்றே வந்துவிடும். மலச்சிக்கல், தாகம், வாந்தி மூன்றும் சேர்ந்து வந்தால் காலிப் பாக்கெட்டுகளோடு ஆஸ்பத்திரிக்கே போங்கள். மருந்து அட்டையில் ‘டி3’ என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். கால்சியம் மாத்திரை பலவற்றில் அது ஏற்கெனவே கலந்திருக்கும்.

என் கடையில் இப்போது சீட்டு இல்லாமல் இந்தப் பாக்கெட் கிடையாது. கொடுக்கும் ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் ‘ஞாயிறு’ என்று எழுதி, தேதியும் போட்டுத் தருகிறேன். சித்தப்பா வந்து உட்கார்ந்தால் அதைப் பார்த்து, “எனக்கு அன்னைக்கே எழுதிக் குடுத்திருக்கலாம்லடா” என்பார்.