டெட்வெயிட் எத்தனை சதவீதம்?

“எங்கள் பயிற்சித் திட்டத்தின் பலனைச் செலவோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறோம். பயிற்சி முடித்த 100 பேரில் 60 பேருக்கு வேலை கிடைத்தது. பயிற்சி பெறாதவர்களில் 30% பேருக்கும் கிடைத்திருக்கிறது. டெட்வெயிட் 30%, வேலை தேடித்தந்த இன்னொரு அமைப்பின் பங்கு 20%. மொத்தம் 50% கழித்தால் போதுமா?”

போதாது. அந்த 30% ஆட்களின் விகிதம். டெட்வெயிட் என்பதோ கிடைத்த விளைவில், திட்டம் இல்லாமலே நடந்திருக்கும் பங்கு. உங்கள் 100 பேரில் 30 பேருக்குப் பயிற்சி இல்லாமலே வேலை கிடைத்திருக்கும் என்றால், 60-இல் 30 போகிறது. ஆகவே டெட்வெயிட் 50%.

அப்புறம், இரண்டு சதவீதங்களையும் கூட்டக் கூடாது. மற்ற அமைப்பின் 20% மீதமுள்ள 30 பேரில்தான் கழியும்:

```
60 × (1 − 0.50) × (1 − 0.20) = 24
```

உங்கள் கணக்கில் 30 வந்திருக்கும். இந்த 24 பேரின் கூடுதல் வருமானத்தை மட்டும் பலனில் சேருங்கள்.

ஒப்பீட்டுக் குழு யார் என்பதையும் பாருங்கள். விண்ணப்பித்தும் இடம் இல்லாததால் சேர முடியாதவர்கள் என்றால் நல்லது. பாதியில் நின்றவர்கள் என்றால் வேண்டாம். அவர்களுடைய சூழ்நிலையே வேறு, டெட்வெயிட்டைத் தவறாகக் காட்டக்கூடும்.

20% பெரும்பாலும் ஊகம்தான். அதை 40% ஆக்கினால் 18 பேர்தான் மிஞ்சுவார்கள். அப்போது பலனைச் செலவால் வகுத்து வரும் விகிதம் 1-க்குக் கீழே போனால் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள்.