மாத்திரை போட்டபின் எடுத்த ரத்தம்

"டாக்டர், நாங்கள் பாம்பன். என் கணவருக்கு 44 வயது. அவர் அக்கா கொடுத்த கிட்னி வைத்துப் பதினாலு மாதம் ஆகிறது. டாக்ரோலிமஸ் 2 மில்லிகிராம் காலை, இரவு. மைக்கோபினோலேட் 500 மில்லிகிராம் ரெண்டு ரெண்டு. பிரட்னிசோலோன் 5. எப்பவும் டாக்ரோ லெவல் 7தான் வரும், கிரியாட்டினின் 1.2. போன வாரம் சளி, இருமல் என்று பக்கத்து டாக்டரிடம் காட்டி, அஞ்சு நாள் கிளாரித்ரோமைசின் போட்டார். அஞ்சாம் நாள் மதுரையில் செக்கப். இப்ப லெவல் 15.8, கிரியாட்டினின் 1.7, வெள்ளை அணு 3,400 என்கிறார்கள். வலை கிழிசல் தைக்க ஊசியைப் பிடித்தால் விரல் நடுங்குகிறது. மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்தலாமா? கிட்னி போய்விட்டதா? அன்றைக்கு விடியக்காலை பஸ் என்பதால் அஞ்சரைக்கே மாத்திரை போட்டுவிட்டார், ரத்தம் எடுத்தது ஒன்பது மணிக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன்."

அம்மா, கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு ரொம்ப உதவியது. உங்கள் மின்னஞ்சல் வந்த அன்றே, எதையும் நிறுத்தாமல் உடனே உங்கள் மாற்றுச் சிகிச்சைப் பிரிவுக்குப் பேசுங்கள், மாத்திரை போடாமல் மறுபடி ரத்தம் கொடுங்கள் என்று பதில் போட்டிருந்தேன். நீங்கள் அனுப்பிய இரண்டாவது ரிப்போர்ட்டையும் பார்த்தேன். நாலு நாள் கழித்து, சரியான நேரத்தில் எடுத்த ரத்தம்: லெவல் 11.4, கிரியாட்டினின் 1.5. டாக்ரோலிமஸை வேளைக்கு 1.5 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறார்கள். சரி, இப்போது நடந்தது என்ன என்று பார்ப்போம்.

வைத்த கிட்னியை உடம்பு நிராகரிக்காமல் காக்கும் மருந்து டாக்ரோலிமஸ். அதன் லெவல் என்றால் அடுத்த வேளை மாத்திரை போடுவதற்குச் சற்று முன், ரத்தத்தில் மருந்து மிகக் குறைவாக இருக்கும் நேரத்தில் எடுக்கும் அளவு. இரவு எட்டரைக்குப் போட்டால் மறுநாள் காலை எட்டரைக்கு ரத்தம், அதற்குப் பிறகு மாத்திரை. மாத்திரை போட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் மருந்து உச்சத்துக்கு ஏறி, பிறகு மெல்ல இறங்கும். உங்கள் கணவருக்கு மூன்றரை மணி நேரத்தில் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், அதாவது உச்சியை விட்டு இன்னும் முழுதாக இறங்காத நேரம். கடல் ஏறி நிற்கும்போது கரையில் கோடு போட்டு, வற்றத்து அளவோடு ஒப்பிட்டால் எப்படி இருக்கும்? எப்போதும் 7 வருகிற ஆளுக்கு அந்த நேரத்தில் எடுத்தால் 12, 15 வருவதில் வியப்பே இல்லை. ஆக 15.8 என்ற எண்ணை மட்டும் வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன்.

ஆனால் நேரம் தவறி ரத்தம் எடுத்ததால் விரல் நடுங்காது, கிட்னி வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினும் ஏறாது. அந்த இரண்டும் மருந்து உண்மையிலேயே கூடியிருக்கிறது என்கின்றன. சரியாக எடுத்த இரண்டாவது ரத்தத்தில் 11.4 வந்ததும் அது உறுதியாகிவிட்டது. பதினாலாவது மாதத்தில் பெரும்பாலானோருக்கு 5-லிருந்து 8-க்குள் இருந்தால் போதும்.

கூட்டியது கிளாரித்ரோமைசின். நாம் விழுங்கும் டாக்ரோலிமஸில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்குதான் ரத்தத்துக்குப் போகிறது. மீதியில் பெரும்பகுதியைக் குடல் சுவரிலும் ஈரலிலும் உள்ள சைப் 3ஏ என்ற நொதி வழியிலேயே உடைத்துவிடும். அந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் 2 மில்லிகிராம் என்று எழுதுகிறோம். கிளாரித்ரோமைசின் அந்த நொதியை முடக்கிவிடுகிறது. மாத்திரை அதே இரண்டுதான், உள்ளே போவதோ முன்பைவிட மிக அதிகம். பூஞ்சைக்குக் கொடுக்கும் புளூகோனசோல், எரித்ரோமைசின், சில ரத்த அழுத்த மாத்திரைகள் செய்வதும் இதேதான். பம்ப்ளிமாஸ் பழமும் அப்படியே. இதே சளிக்கு அசித்ரோமைசின் கொடுத்திருந்தால் இந்த அளவுக்குப் போயிருக்காது. பக்கத்து டாக்டரை நான் குறை சொல்ல வரவில்லை. பாக்டீரியாவால் வரும் இருமலுக்கு அது நல்ல மருந்துதான். நீங்கள் கிட்னி மாத்திரைச் சீட்டைக் காட்டினீர்களா என்பதுதான் என் கேள்வி.

கூடினால் என்ன கெடுதல்? உடம்பின் காவலாளிகளான டி அணுக்கள் அக்காவின் கிட்னியை அந்நியமாகப் பார்த்ததும் சண்டைக்கு ஆள் திரட்டுகிற சமிக்ஞையை எழுப்பும். அதை எழுப்பத் தேவையான நொதி கால்சினியூரின். டாக்ரோலிமஸ் அதைத்தான் தடுக்கிறது. ஆனால் கால்சினியூரின் டி அணுவில் மட்டும் இல்லை. நரம்பிலும் கணையத்திலும் கிட்னிக்குள்ளேயும் இருக்கிறது. அதனால் மருந்து மிஞ்சும்போது கை நடுங்கும், சிலருக்குச் சர்க்கரை புதிதாக வரும். கிட்னியின் வடிகட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குட்டித் தமனி சுருங்கிக்கொள்ளும். வரத்து குறைந்தால் வடிகட்டுவதும் குறையும், கிரியாட்டினின் ஏறும். இந்தச் சுருக்கம் மருந்து இறங்கியதும் விட்டுவிடும். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மிஞ்சியே இருந்தால்தான் தழும்பாகி, திரும்பாது. கிட்னியைக் காப்பாற்றும் மருந்தே கிட்னியைக் கெடுக்கும் என்பது இந்தத் துறையில் எங்களுக்குத் தினசரித் தலைவலி.

"கிட்னி போய்விட்டதா" என்பதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது. கிட்னியை உடம்பு நிராகரித்தாலும் கிரியாட்டினின் ஏறத்தான் செய்யும். இரண்டையும் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துப் பிரிக்க முடியாது, தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும். மருந்துக் கூடுதலால் வந்ததென்றால் லெவல் இறங்க இறங்கக் கிரியாட்டினினும் கூடவே இறங்கும். உங்கள் கணவருக்கு 1.7 என்பது 1.5 ஆகியிருக்கிறது. லெவல் 7-க்கு வந்த பிறகும் 1.5-லேயே நின்றாலோ மேலே போனாலோ, ஊசி வைத்துக் கிட்னியிலிருந்து நூல் போலத் துணுக்கு எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அப்போது தயங்காதீர்கள்.

அடுத்து, நான் உண்மையில் பயப்படுகிற இடம். கிளாரித்ரோமைசின் நிறுத்தி நாலைந்து நாள் ஆகிவிட்டது. முடங்கிக் கிடந்த நொதி ஒரு வாரம், பத்து நாளில் பழையபடி வேலைக்கு வந்துவிடும். வந்ததும் டாக்ரோலிமஸை முன்போலவே உடைக்கத் தொடங்கும். உங்கள் கணவரோ இப்போது குறைத்த அளவில் இருக்கிறார். 2 மில்லிகிராமில் 7 வந்தவருக்கு 1.5 மில்லிகிராமில் 5-ஐ ஒட்டித்தான் வரும், சில நாள் அதற்குக் கீழேயும் போகலாம். குறைத்தது சரியான முடிவு, நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் அடுத்த மாதச் செக்கப் வரை அப்படியே விட்டுவிடக் கூடாது. என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான், லெவல் கூடியதற்குக் குறைத்ததை நினைவு வைத்திருந்தார், திரும்ப ஏற்ற வேண்டும் என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆறு வாரம் கழித்து வந்தபோது லெவல் 3.1, கிட்னியில் நிராகரிப்பு தொடங்கியிருந்தது. ஆகவே இந்த வாரக் கடைசியில் ஒரு லெவல், அடுத்த வாரம் இன்னொன்று. பழைய அளவுக்கு எப்போது திரும்புவது என்று மாற்றுச் சிகிச்சைப் பிரிவில் நீங்களே கேளுங்கள். நீங்களாக இரண்டு நாள் நிறுத்துவது என்ற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஒவ்வொரு தடவையும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ராமநாதபுரத்தில் லேபில் ரத்தம் கொடுத்தால் வெளியூருக்கு அனுப்பி ஓரிரு நாளில் முடிவு தருவார்கள். செக்கப் நாளில் மதுரைதான் போகவேண்டும் என்றால், முதல் நாள் இரவு மாத்திரையை ஒன்பதரைக்குத் தள்ளிப் போடுங்கள், காலை மாத்திரையைச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள், ஒன்பதரை வாக்கில் ரத்தம் கொடுத்துவிட்டு அங்கேயே விழுங்கட்டும். லேப் சீட்டில் "கடைசி மாத்திரை இரவு 9.30" என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் 15.8-ஐப் பார்த்து இவ்வளவு கலவரம் வந்திருக்காது.

வெள்ளை அணு 3,400 என்பது வேறு மாத்திரையின் கதை. டாக்ரோலிமஸ் டி அணுவின் சமிக்ஞையை அடக்குகிறது. தப்பித்த அணுக்கள் பெருகாமல் பார்த்துக்கொள்வது மைக்கோபினோலேட். அணு இரண்டாகப் பிரிய டிஎன்ஏவுக்கான மூலப்பொருள் வேண்டும், அதைச் செய்யவிடாமல் தடுக்கிறது. வேகமாகப் பெருகும் எலும்பு மஜ்ஜையும் குடலும் அதில் அடிபடுகின்றன. அதனால்தான் வெள்ளை அணு குறைவதும் வயிற்றுப்போக்கும். இதற்கு டாக்ரோ போல லெவல் வழக்கமாகப் பார்ப்பதில்லை, ரத்த அணு எண்ணிக்கையைத்தான் பார்க்கிறோம். 3,400-க்குக் காய்ச்சல் இல்லாதபோது உடனே குறைக்க அவசரமில்லை. அடுத்த லெவலுக்குக் கொடுக்கும் ரத்தத்திலேயே மறுபடி எண்ணிப் பார்க்கலாம். 3,000-க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பதா, தொற்று வராமலிருக்கக் கூடவே கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் போன்ற மருந்துதான் காரணமா என்று அவர்கள் யோசிப்பார்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால் மட்டும் அன்றைக்கே பேசுங்கள். குடலின் மேல்தோல் கெட்டால் அங்கே டாக்ரோலிமஸை உடைக்கும் நொதியும் குறைகிறது, லெவல் கிளாரித்ரோமைசின் போட்டது போலவே ஏறும். உடம்பில் தண்ணீரும் வற்றியிருக்கும், கிட்னிக்கு அது இரட்டை அடி. நிறையப் பேர் "எல்லாம் வெளியே போகிறது, மாத்திரை ஒட்டியிருக்காது" என்று கூடுதலாக ஒன்று போட்டுவிடுகிறார்கள். நேர் எதிர்.

சூட்டுக்குத் தினம் இளநீர் என்றும் எழுதியிருந்தீர்கள் இரண்டாவது மின்னஞ்சலில். லெவல் இறங்கி, பொட்டாசியம் பார்க்கும்வரை அதை நிறுத்தி வையுங்கள். டாக்ரோலிமஸ் மிஞ்சும்போது கிட்னி பொட்டாசியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைக்கும், இளநீரில் அது நிறைய. தாகத்துக்குத் தண்ணீர் போதும். உடல்வலி, தலைவலிக்குப் பாராசிட்டமால் சரி, டைக்ளோபினாக் ஊசியோ மாத்திரையோ கூடவே கூடாது. காய்ச்சல் 100 டிகிரிக்கு மேல் போனாலோ, சிறுநீர் குறைந்தாலோ, கிட்னி வைத்த இடம் வலித்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள்.

நடுக்கம் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. தினமும் ஒரே நேரத்தில் வலை ஊசியில் நூல் கோர்க்கச் சொல்லிப் பாருங்கள், எத்தனை தடவையில் கோர்த்தார் என்று மாத்திரை நோட்டிலேயே எழுதி வையுங்கள். அடுத்த லெவல் எடுக்கும்போது அந்தப் பக்கத்தையும் டாக்டரிடம் காட்டுங்கள்.